தொண்டை திறந்திருந்தும் நின்ற மூச்சு: மைய வகை ஸ்லீப் ஆப்னியா குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

உறக்கத்தில் மூச்சு திரும்பத் திரும்ப நின்றுபோவதே ஸ்லீப் ஆப்னியா. தொண்டை மூடிக்கொள்வதால் மூச்சு நின்றால் அது அடைப்பு வகை, தொண்டை திறந்திருந்தும் மூளை மூச்சுக் கட்டளையை நிறுத்துவதால் நின்றால் அது மைய வகை. இங்கே விவரிக்கப்படும் நோயாளி ஒரு தனி மனிதர் அல்லர். இதயச் செயலிழப்புடன் தூக்கப் பரிசோதனைக்கு வரும் பலரிடம் திரும்பத் திரும்பக் காணப்படும் கூறுகளைச் சேர்த்து, ஒருவருடைய வரலாறாக எழுதியிருக்கிறேன். எண்கள் அனைத்தும் இத்தகைய நோயாளிகளிடம் வழக்கமாகப் பதிவாகும் எல்லைக்குள் அமைந்தவை.

நோயாளியும் முறையீடும்

வயது 63, ஆண், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். பத்து மாதங்களுக்கு முன் இதயத்தின் முன்சுவரில் பெரிய மாரடைப்பு ஏற்பட்டு, ஸ்டென்ட் வைக்கப்பட்டது. அதன் பிறகு எடுத்த எக்கோவில் இடது கீழறையின் எஜெக்‌ஷன் ஃபிராக்‌ஷன், அதாவது ஒவ்வொரு துடிப்பிலும் அந்த அறை வெளியேற்றும் ரத்தத்தின் விகிதம், 28 சதவீதமாக இருந்தது. ஆரோக்கியமான இதயத்தில் இது 55 சதவீதத்துக்கு மேல் இருக்கும். மாலை நேரங்களில் கணுக்காலில் வீக்கம் தெரிந்தது. ஃபியூரோசமைடு 40 மி.கி., எனாலாப்ரில், கார்விடிலால் சிறிய அளவு, ஆஸ்பிரின், டிகாக்ரெலார் ஆகிய மருந்துகளை எடுத்துக்கொண்டிருந்தார்.

இரவு ஒரு மணி, இரண்டு மணி வாக்கில் மூச்சு முட்டித் திடுக்கிட்டு விழித்து எழுந்து உட்காருவதாகவும், அதன்பின் விடியும்வரை அரைத்தூக்கமே என்றும் அவர் கூறினார். பகலில் தூங்கி வழிவதில்லை. தூக்கக் கலக்கத்தை அளக்கும் எப்வொர்த் வினாத்தாளில் 24க்கு 6 மதிப்பெண்தான் வந்தது, அது இயல்பான அளவு. உடல் எடை 66 கிலோ, உடல் நிறை எண் 23, கழுத்துச் சுற்றளவு 37 செ.மீ., வாயைத் திறந்து பார்த்தால் தொண்டை தாராளமாகத் தெரிகிறது. ஸ்லீப் ஆப்னியா என்றதும் நம் மனதில் தோன்றும் பருத்த கழுத்தும் வீட்டையே எழுப்பும் குறட்டையும் இவரிடம் இல்லை.

அவருடைய மனைவி சொன்ன விவரம்தான் எல்லாவற்றிலும் பயனுள்ளதாக இருந்தது. "மூச்சு நிக்குது டாக்டர். நின்னுட்டு மறுபடி வரும்போது சத்தமே இல்லாம லேசா ஆரம்பிக்குது. அப்புறம் பெருசாகி ஓடி வந்தவர் மாதிரி வாங்குறார், மறுபடி சின்னதாகிச் சின்னதாகி நின்னு போகுது" என்றார். குறட்டை உண்டா என்று கேட்டதற்கு, "கொஞ்சம் இருக்கும், அது எப்பவும் உள்ளதுதான்" என்று பதில் வந்தது. அடைப்பு வகையில் மூச்சு திரும்பும் விதம் வேறு. மூடிக்கிடந்த தொண்டை திடீரென்று திறப்பதால், ஒரு பெரிய குறட்டையோ மூச்சுத் திணறலின் உறுமலோ வெடித்து வரும், முதல் மூச்சே பெரிய மூச்சாக இருக்கும். நின்ற மூச்சு எப்படித் திரும்புகிறது என்ற ஒரே கேள்விக்கு வீட்டார் தரும் பதில், பரிசோதனைக்கு முன்பே நோயறிதலின் பாதித் தூரத்தைக் கடக்க உதவும். செலவில்லாத இந்தக் கேள்வி அரிதாகவே கேட்கப்படுகிறது.

முதல் சோதனையும் பயன்தராத சி-பாப்பும்

எங்களிடம் வருவதற்கு முன், வேறோர் இடத்தில் ஓரிரவு விரல் நுனியில் ஆக்சிஜன் மானி மாட்டிச் சோதித்திருந்தார்கள். மணிக்குச் சராசரியாக 34 முறை ஆக்சிஜன் அளவு சரிந்திருந்தது. "கடுமையான ஸ்லீப் ஆப்னியா" என்று எழுதி, முகமூடி வழியே காற்றை அழுத்தத்துடன் செலுத்தி, அந்த அழுத்தத்தைத் தானாகவே கூட்டிக் குறைக்கும் சி-பாப் கருவியைக் கொடுத்துவிட்டார்கள். மூன்று வாரத்தில் அவர் முகமூடியைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டார்.

ஆக்சிஜன் சரிவு என்பது மூச்சு நின்றதன் விளைவு. தொண்டை அடைத்து நின்றாலும், மூளை கட்டளையிடாமல் நின்றாலும் விரல் நுனிக்கு வரும் ரத்தத்தில் ஆக்சிஜன் குறையத்தான் செய்யும். எனவே இந்த மானி எண்ணிக்கையைச் சொல்லுமே தவிர, வகையைச் சொல்லாது. இருந்தாலும் அன்றைய வரைபடத்தைக் கூர்ந்து பார்த்திருந்தால் ஐயம் எழுந்திருக்கும். அடைப்பு வகையில் சரிவுகள் ஒழுங்கற்ற ரம்பப் பற்கள் போல, ஒன்றுக்கொன்று ஆழத்திலும் நீளத்திலும் வேறுபட்டு வரும். இவருடைய வரைபடத்தில் மணிக்கணக்கில் ஒரே உயரத்தில், ஒரே இடைவெளியில், மழுங்கிய அலைகளாக அவை ஓடியிருந்தன.

கருவியின் நினைவகத்திலிருந்து எடுத்த அறிக்கை இன்னும் தெளிவாக இருந்தது. அழுத்தம் இரவெல்லாம் ஏறி 14 செ.மீ. நீரழுத்தத்தைத் தொட்டிருந்தது. அப்படியிருந்தும் மணிக்கு 29 நிகழ்வுகள் மிஞ்சியிருந்தன, அவற்றில் பெரும்பாலானவை திரையில் `CA` என்றும் மிகச் சிலவே `OA` என்றும் பதிவாகியிருந்தன. மூச்சு நின்றதும் கருவி மெல்லிய காற்றதிர்வுகளை உள்ளே அனுப்பிப் பார்க்கிறது. பாதை திறந்திருந்தால் காற்று சிறிது சிறிதாக உள்ளே போய்வரும், கருவி அதை `CA` என்று குறிக்கும். பாதை மூடியிருந்தால் அதிர்வு மோதித் திரும்பும், அது `OA`. இந்தக் கணிப்பு முழுமையானது அன்று. மைய வகையில் மூச்சு நிற்கும்போது சிலருக்குத் தொண்டையும் தளர்ந்து ஒட்டிக்கொள்ளும், அப்போது கருவி தவறான பெயரைக் கொடுக்கக்கூடும். ஆனால் பெரும்பான்மை `CA` என்று வரும் அறிக்கையைப் பார்த்தபின்னும் அழுத்தத்தை மேலும் கூட்டச் சொல்வதற்குக் காரணமே இல்லை.

இரவுப் பரிசோதனையில் கண்டது

மூளை அலை, கண்ணசைவு, தசை, இதயத்துடிப்பு, மூக்கில் காற்றோட்டம், நெஞ்சிலும் வயிற்றிலும் கட்டிய பட்டைகள், ஆக்சிஜன் மானி ஆகியவற்றை ஒருசேரப் பதியும் முழுத் தூக்கப் பரிசோதனை செய்யப்பட்டது. மூச்சு நின்றது என்று பதிய, காற்றோட்டம் 90 சதவீதமாவது குறைந்து, குறைந்தது 10 விநாடி அப்படியே இருக்க வேண்டும். வகையைப் பிரிப்பது நெஞ்சு, வயிற்றுப் பட்டைகள்தான். அடைப்பு வகையில் மூக்கில் காற்று நின்றபின்னும் பட்டைகள் தொடர்ந்து அசையும், மூடிய கதவைத் தள்ளுவதால் நெஞ்சும் வயிறும் எதிரெதிர்த் திசையில் ஏறி இறங்கும். மைய வகையில் மூன்று கோடுகளும் ஒன்றாகத் தட்டையாகிவிடும்.

இவர் தூங்கிய ஆறு மணி நேரத்தில், மணிக்குச் சராசரி 38 நிகழ்வுகள் பதிவாயின. அவற்றில் 24 மைய வகை நிறுத்தங்கள், 4 அடைப்பு வகை, 3 மையமாகத் தொடங்கி அடைப்பாக முடிந்த கலப்பு வகை, மீதி 7 மூச்சு முழுதும் நிற்காமல் சிறுத்துப்போனவை. மொத்த நிகழ்வுகளில் பாதிக்கு மேல் மைய வகையாக இருந்து, அவை மணிக்கு ஐந்தைத் தாண்டினால் மைய வகை ஸ்லீப் ஆப்னியா என்பது வழக்கம். ஆக்சிஜன் 82 சதவீதம் வரை இறங்கியது.

எண்ணிக்கையைவிட அலையின் வடிவமே முக்கியம். ஒவ்வொரு சுற்றிலும் ஏறத்தாழ 26 விநாடி மூச்சே இல்லை. பிறகு 42 விநாடி மூச்சு சிறிதாகத் தொடங்கி, வளர்ந்து, உச்சத்தை அடைந்து, அதே சீரில் தேய்ந்தது. ஒரு சுற்று 68 விநாடி, அடுத்த சுற்றும் 68, அதற்கடுத்தது 67. இப்படி வளர்ந்து தேயும் சுற்று 40 விநாடிக்குக் குறையாமல் அடுத்தடுத்து வந்தால் அது செய்ன்-ஸ்டோக்ஸ் சுவாசம். மூளை அலையில் விழிப்பு தோன்றிய இடத்தையும் குறித்துக்கொண்டோம். அடைப்பு வகையில் விழிப்பு வந்துதான் தொண்டை திறக்கும், ஆகவே நிறுத்தத்தின் முடிவில் விழிப்பு இருக்கும். இவருக்கோ மூச்சு மிகப் பெரிதாக வீங்கிய உச்சத்தில்தான் விழிப்பு வந்தது. இரவில் மூச்சு முட்டி எழுவதாக அவர் சொன்னது, மூச்சு அளவுக்கு மிஞ்சி ஓடிக்கொண்டிருந்த அந்தத் தருணத்தைத்தான்.

கனவு காணும் உறக்கத்தில் நிகழ்வுகள் ஏறக்குறைய மறைந்துபோயின, மேலோட்டமான உறக்கத்தில் பெருகின. அடைப்பு வகை பொதுவாக இதற்கு நேர்மாறு, கனவு உறக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்வதால் அங்கேதான் மோசமாகும். மல்லாந்து படுத்தபோது மணிக்கு 46, ஒருக்களித்தபோது 21.

மறுநாள் பகலில் விழித்திருக்கும்போது எடுத்த தமனி ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடின் அழுத்தம் 33 மி.மீ. பாதரசம், அமில-கார எண் 7.46. கார்பன் டை ஆக்சைடின் இயல்பு அளவு 35 முதல் 45. பகலிலேயே, தமக்குத் தெரியாமலேயே, தேவைக்கு மேல் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறார் என்பது இதன் பொருள். ஈசிஜியில் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்னும் ஒழுங்கற்ற துடிப்பு புதிதாகத் தெரியவந்தது.

அடைப்பே இல்லாமல் மூச்சு ஏன் நிற்கிறது

விழித்திருக்கும்போது மூச்சைச் செலுத்தப் பல காரணங்கள் உண்டு. பேச்சு, அசைவு, சூழலின் தூண்டல், விழிப்பு நிலையே தரும் ஒரு உந்துதல். உறங்கியதும் இவையெல்லாம் விலகி, மூச்சு பெரும்பாலும் ரத்தத்தின் கார்பன் டை ஆக்சைடு அளவை மட்டுமே நம்பி நடக்கிறது. அந்த அளவு ஒரு குறிப்பிட்ட வாசலுக்குக் கீழே போனால் மூளைத்தண்டு மூச்சுக் கட்டளையை நிறுத்திவிடும், அளவு மீண்டும் ஏறும்வரை காத்திருக்கும். இது எல்லாருக்கும் உள்ள ஏற்பாடு. ஆரோக்கியமானவர் உறங்கும்போது கார்பன் டை ஆக்சைடு சில மி.மீ. உயர்ந்து, வாசலுக்கு மேலே சுமார் 5 மி.மீ. இடைவெளி இருக்கும். ஒன்றிரண்டு பெரிய மூச்சு விட்டாலும் வாசலைத் தொடாது.

இதயச் செயலிழப்பில் இந்த இடைவெளி சுருங்கி 3 மி.மீ. அளவுக்கு வந்துவிடுகிறது. காரணம் நுரையீரலில் தேங்கும் நீர். அங்குள்ள நுண்குழாய்களை ஒட்டி ஜே-உணர்விகள் என்ற நரம்பு முனைகள் இருக்கின்றன. இந்தியாவின் தலைசிறந்த உடலியங்கியல் ஆய்வாளர்களில் ஒருவரான அவதார் சிங் பெயின்டல் கண்டறிந்து பெயரிட்டவை இவை. திசுவில் நீர் கோத்ததும் இவை வேகஸ் நரம்பு வழியாக மூளையைத் தூண்டி, மூச்சை வேகமாக்குகின்றன. அதோடு கார்பன் டை ஆக்சைடை உணரும் அமைப்பின் கூர்மையும் இத்தகையோரிடம் கூடிப்போகிறது, சிறு ஏற்றத்துக்கே மிகையாக எதிர்வினை காட்டுகிறது. விளைவாக, உறக்கத்தில் உயர வேண்டிய அளவு உயராமல் வாசலை உரசியபடியே நிற்கிறது. புரண்டு படுத்தபோது வரும் ஒரு பெருமூச்சு போதும், அளவு வாசலுக்குக் கீழே இறங்கிவிடும்.

மூச்சு ஒருமுறை நிற்பது இதனால் விளங்குகிறது. அது ஏன் ஒரு நிமிடத்துக்கு ஒருமுறை அச்சடித்தாற்போலத் திரும்ப வருகிறது என்பதற்குத் தாமதமே காரணம். நுரையீரலில் கார்பன் டை ஆக்சைடு மாறியதும் அந்தச் செய்தியை மூளைத்தண்டுக்கும் கழுத்துத் தமனியிலுள்ள உணர்விகளுக்கும் ரத்தம்தான் சுமந்து செல்ல வேண்டும். இதயம் பலவீனமானால் ரத்தம் மெதுவாக நகரும், செய்தி பழையதாகி வந்து சேரும். நீண்ட குழாயின் மறுமுனையில் வெந்நீர்த் தொட்டி இருக்கும் குளியலறையில் இது நமக்குப் பழக்கமானதுதான்: தண்ணீர் சில்லென்று வருவதால் திருகைத் திருப்புகிறோம், சூடு வந்துசேரத் தாமதமாகும்போது இன்னும் திருப்புகிறோம், பிறகு கொதிநீர் கொட்டும்போது முழுவதுமாக மூடிவிடுகிறோம். மூச்சு நின்றபின் நுரையீரலில் கார்பன் டை ஆக்சைடு ஏறிவிட்டாலும் மூளைக்கு இன்னும் தெரியாது, தெரிந்தபோது அளவுக்கு மிஞ்சிய மூச்சைக் கட்டளையிடும். அந்த மிகை மூச்சு நுரையீரலைக் கழுவித் துடைத்தபின்னும் பழைய செய்தியின்படி மூச்சு ஓடிக்கொண்டே இருக்கும், பிறகு ஒரேயடியாக நிற்கும்.

இவரிடம் தாமதத்தை வரைபடத்திலேயே பார்க்க முடிந்தது. மூச்சு மீண்டும் தொடங்கி ஏறத்தாழ 27 விநாடி கழித்துத்தான் விரல் நுனியில் ஆக்சிஜன் அதன் அடிமட்டத்தைத் தொட்டது, அதாவது மூச்சு உச்சத்தில் இருக்கும்போது மானி மிகக் குறைவைக் காட்டியது. நுரையீரலிலிருந்து விரலுக்கு ரத்தம் வரும் நேரம் அது. இதயம் நன்றாக இயங்குவோரிடம் இது இதில் பாதிகூட இராது. சுற்றின் நீளமும் இந்தத் தாமதத்தோடு சேர்ந்தே கூடும் என்பதால், 68 விநாடிச் சுற்றைப் பார்த்தவுடனேயே எக்கோ அறிக்கை இல்லாமலும் இதயத்தைச் சந்தேகிக்கலாம். இதயம் நன்றாக உள்ளவர்களிடம் வரும் மைய வகைச் சுற்றுகள் பெரும்பாலும் 40 விநாடிக்குள் முடிந்துவிடுகின்றன.

காலில் தேங்கும் நீருக்கும் இதில் பங்குண்டு. பகலில் கணுக்காலில் இருந்த நீர், படுத்தபின் மெல்ல மேலேறி நுரையீரலுக்கும் கழுத்துக்கும் வருகிறது. நுரையீரலில் சேர்வது ஜே-உணர்விகளைத் தூண்டி மைய வகைக்கு வழிவிடுகிறது. கழுத்தில் சேர்வது தொண்டையைச் சுற்றி நெருக்கி அடைப்பு வகைக்கு வழிவிடுகிறது. ஒரே நோயாளியிடம் இரண்டும் கலந்து காணப்படுவதற்கு இது ஒரு காரணம். மாலையில் கால் வீங்கியவர்களிடம் இரவு மூச்சைப் பற்றிக் கேட்பது வீணாகாது.

டப்ளின், 1818

இந்தச் சுவாசத்தின் பெயரிலுள்ள ஜான் செய்ன், ஸ்காட்லாந்தில் பிறந்து டப்ளினில் பணியாற்றிய மருத்துவர். 1818இல் அவர் வெளியிட்ட ஒரே நோயாளியின் குறிப்பில், அறுபது வயதான அந்த மனிதரின் மூச்சு கால் நிமிடம் முழுவதுமாக நின்று, மெலிதாகத் தொடங்கி, படிப்படியாக வேகமும் வீச்சும் கூடி, மீண்டும் அடங்கியது என்றும், இந்த ஒரு சுற்று ஏறத்தாழ ஒரு நிமிடம் எடுத்தது, அதற்குள் முப்பது மூச்சுகள் இருந்தன என்றும் எழுதியிருக்கிறார். கடிகாரம் தவிர வேறு கருவி இல்லாமல் பதிந்த இந்த அளவுகள், நம் நோயாளியின் கணினி வரைபடத்தோடு ஒத்துப்போகின்றன. அந்த மனிதருக்குப் பக்கவாதம் வந்திருந்தது, இறந்தபின் இதயத் தசையில் கொழுப்பு படிந்திருந்ததும் தெரிந்தது. மூளையா, இதயமா, எது காரணம் என்ற கேள்வி அந்த முதல் குறிப்பிலேயே இருக்கிறது. வில்லியம் ஸ்டோக்ஸ் 1854இல் இதே சுவாசத்தைப் பலவீனமான இதயத்தோடு இணைத்தார்.

யாரிடம் எதிர்பார்க்க வேண்டும்

இதயம் இறைக்கும் விகிதம் குறைந்தோரில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரையிலானோருக்கு மைய வகை இருக்கிறது. அவர்களுக்குள்ளும் ஆண்கள், அறுபதைத் தாண்டியோர், ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் உள்ளோர், பகலில் கார்பன் டை ஆக்சைடு 38க்குக் கீழே உள்ளோர் ஆகியோருக்கு வாய்ப்பு அதிகம். இவருக்கு நான்கும் பொருந்தின. இவர்களில் பலர் பகலில் தூங்கி வழிவதே இல்லை என்பதால், தூக்கக் கலக்கத்தை மட்டும் கேட்டுச் சலிக்கும் வினாத்தாள்கள் இவர்களைத் தவறவிடுகின்றன. குறட்டை, பருமன், கழுத்தளவு ஆகியவற்றைக் கேட்கும் வினாத்தாள்களும் அடைப்பு வகைக்காக எழுதப்பட்டவைதாம்.

பக்கவாதம் வந்த முதல் வாரங்களிலும், சிறுநீரகச் செயலிழப்பிலும் இது காணப்படும். மலை உயரத்தில் ஆக்சிஜன் குறைவால் மூச்சு மிகும்போது, இதயம் நன்றாக இருப்பவருக்கே இரவில் மூச்சு வளர்ந்து தேய்ந்து நிற்கும். 3,500 மீட்டர் உயரத்திலுள்ள லே நகருக்கு விமானத்தில் போய் இறங்கியவர்கள் முதல் இரவில் அரண்டு விழிப்பது பெரும்பாலும் இதனால்தான், அங்கே சுற்று இருபது விநாடி அளவுக்குக் குறுகியதாக இருக்கும்.

மார்ஃபின், மெதடோன் போன்ற ஓபியாய்டு வலிமருந்துகளைத் தொடர்ந்து எடுப்போரின் நிலை முற்றிலும் வேறு. அங்கே மூச்சுக் கட்டளை மிகையாக இல்லை, மருந்தால் மழுங்கிப்போகிறது. மூச்சின் அளவும் இடைவெளியும் எந்த ஒழுங்கும் இல்லாமல் தாறுமாறாக வரும், கார்பன் டை ஆக்சைடு குறையாமல் உயர்ந்திருக்கக்கூடும். மருந்தின் அளவு கூடக்கூட இது கூடும். புற்றுநோய் வலிக்கும் நாள்பட்ட முதுகு வலிக்கும் இவற்றை எடுப்பவரிடம், இரவில் தூக்க மாத்திரையையும் சேர்த்துக் கொடுப்பதற்கு முன் மூச்சைப் பற்றி விசாரிக்க வேண்டும்.

மாரடைப்புக்குப் பின் ரத்தம் உறையாமல் இருக்கத் தரப்படும் டிகாக்ரெலாரும் இந்தப் பட்டியலில் உண்டு. செய்ன்-ஸ்டோக்ஸ் உள்ளிட்ட மைய வகை ஆப்னியா ஏற்படக்கூடும் என்று அதன் மருந்துக் குறிப்பிலேயே எச்சரிக்கை இருக்கிறது. இந்த மருந்தால் மூச்சு வாங்குவது போன்ற உணர்வு சிலருக்கு வருவது மருத்துவர்களுக்குத் தெரிந்ததே, இரவில் நடப்பதைத்தான் யாரும் கேட்பதில்லை. நம் நோயாளி இதை எடுத்துக்கொண்டிருந்தார்.

மற்றொரு கூட்டம், அடைப்பு வகைக்காக சி-பாப் தொடங்கியபின் புதிதாக மைய வகை தலைகாட்டுவோர். பாதை திறந்ததும் மூச்சு எளிதாகி, கார்பன் டை ஆக்சைடு வாசலுக்குக் கீழே போய்விடுகிறது. பெரும்பாலானோருக்குச் சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் இது தானாக அடங்கும், கருவியைக் கைவிட வேண்டியதில்லை.

எடுத்த முடிவுகள்

முதல் கேள்வி சி-பாப்பைத் தொடர்வதா என்பது. தொடர்ந்த காற்றழுத்தம் தொண்டையை விரித்து வைக்கிறது. தொண்டை திறந்தே இருப்பவருக்கு அந்தப் பயன் தேவையில்லை. நுரையீரல் நீரைக் குறைத்து இதயத்தின் பளுவைத் தணிப்பதால் மைய வகையிலும் ஓரளவு பலன் கிடைக்கலாம் என்பது உண்மை. 258 நோயாளிகளைக் கொண்டு கனடாவில் நடந்து 2005இல் வெளியான கேன்பாப் ஆய்வில் நிகழ்வுகள் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தன, ஆனால் ஆயுள் கூடவில்லை. நம் நோயாளிக்கு நிகழ்வுகளும் குறையவில்லை, கருவியையும் பொறுக்க முடியவில்லை. நிறுத்தச் சொன்னோம்.

அடுத்து, குடும்பத்தார் இணையத்தில் படித்துவிட்டுக் கேட்ட ஏ.எஸ்.வி. கருவி. இது ஒவ்வொரு மூச்சையும் அளந்து, மூச்சு தேயும்போது அழுத்தத்தைக் கூட்டி, மிகும்போது குறைத்து அலையைச் சமன் செய்யும். செயல்முறையைப் பார்த்தால் இந்த நோய்க்கென்றே வடிவமைத்ததாகத் தோன்றும். ஆனால் 2015இல் வெளியான செர்வ்-ஹெச்எஃப் ஆய்வில், இறைக்கும் விகிதம் 45 சதவீதமோ அதற்குக் கீழோ உள்ள 1,325 பேரிடம் சோதித்தபோது, கருவி பெற்றவர்களின் நிகழ்வுகள் மணிக்கு ஏழுக்கும் கீழே வந்தன. அதே சமயம் இதயநோயால் இறந்தோர் விகிதம் கருவி இல்லாதோரிடம் 24 சதவீதமாகவும், கருவி பெற்றோரிடம் ஏறத்தாழ 30 சதவீதமாகவும் இருந்தது. வேறு வகைக் கருவியோடு நடந்து 2024இல் வெளிவந்த அட்வென்ட்-ஹெச்எஃப் ஆய்வில் அந்தத் தீங்கு தெரியவில்லை, ஆயுள் நன்மையும் தெரியவில்லை.

முதல் ஆய்வின் முடிவுக்கு இரண்டு விளக்கங்கள் முன்வைக்கப்படுகின்றன. அழுத்தம் பலவீனமான இதயத்துக்குத் திரும்பும் ரத்தத்தைக் குறைத்திருக்கலாம் என்பது ஒன்று. செய்ன்-ஸ்டோக்ஸ் சுவாசமே நோயுற்ற இதயம் தேடிக்கொண்ட ஓர் ஓய்வு, அதைப் பறித்ததுதான் தீங்கு என்பது மற்றொன்று. இரண்டாவது விளக்கம் கவர்ச்சியானது என்றாலும் எனக்கு அதில் முழு நம்பிக்கை இல்லை, ஏனெனில் ஒவ்வொரு சுற்றிலும் வரும் ஆக்சிஜன் சரிவும் விழிப்பும் இதயத்தை விரட்டும் நரம்புத் தூண்டலைக் கூட்டுகின்றன. எப்படியாயினும் இறைக்கும் விகிதம் 28 உள்ளவருக்கு ஏ.எஸ்.வி. தருவதில்லை என்று முடிவெடுக்க அந்தச் சர்ச்சை தீர வேண்டியதில்லை.

ஆகவே மூச்சுக்கென்று எதையும் தராமல் இதயத்தைச் சீர்செய்வதில் இறங்கினோம். எனாலாப்ரிலை நிறுத்தி 36 மணி நேர இடைவெளி விட்டு சாகுபிட்ரில்-வால்சார்டன் தொடங்கப்பட்டது. ஸ்பைரனோலாக்டோனும் டாபாகிளிஃப்ளோசினும் சேர்க்கப்பட்டன, கார்விடிலால் படிப்படியாக உயர்த்தப்பட்டது, ஃபியூரோசமைடு கூட்டப்பட்டது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனுக்காக ரத்தம் உறைவதைத் தடுக்கும் அபிக்சபான் தேவைப்பட்டது. அதனுடன் டிகாக்ரெலாரும் சேர்ந்தால் ரத்தக்கசிவு அபாயம் மிகும் என்பதால் இதய மருத்துவர் அதை க்ளோபிடோக்ரெலாக மாற்றி, ஆஸ்பிரினையும் நிறுத்தினார். மூச்சுக்காகவும் அந்த மாற்றத்தை நாங்கள் வரவேற்றோம். படுக்கையின் தலைப்பக்கத்தை உயர்த்தி, ஒருக்களித்துப் படுக்கச் சொன்னோம்.

இவை போதாவிட்டால் அடுத்து இரவில் மூக்கு வழி ஆக்சிஜன், அல்லது ரத்தத்தைச் சற்றே அமிலமாக்கி வாசலுக்கும் உறக்க அளவுக்கும் இடையிலான இடைவெளியை விரிக்கும் அசிட்டசோலமைடு என்று வரிசை வகுத்திருந்தோம். உதரவிதான நரம்பைத் தூண்டி மூச்சை நடத்தும் உட்பொருத்துக் கருவிக்கு அமெரிக்காவில் 2017இல் அனுமதி கிடைத்தது, ஆனால் விலை காரணமாக அது இங்கே பேச்சளவில்தான் இருக்கிறது.

நான்கு மாதத்துக்குப் பின்

எடை 62 கிலோ, கணுக்கால் வீக்கம் இல்லை. எக்கோவில் இறைக்கும் விகிதம் 36 சதவீதம். பகல் கார்பன் டை ஆக்சைடு 37. மறுபரிசோதனையில் மணிக்கு 14 நிகழ்வுகள், சுற்றின் நீளம் 68இலிருந்து 54 விநாடியாகக் குறைந்திருந்தது. இரவு மூச்சு முட்டி எழுவது வாரத்தில் ஒரு நாள் என்ற அளவுக்கு வந்துவிட்டது. "இப்ப மூச்சு நிக்கிறது எனக்கே தெரிய மாட்டேங்குது, நானும் தூங்கிடறேன்" என்றார் மனைவி.

எது பலன் தந்தது என்று பிரித்துச் சொல்ல இயலாது. சுற்று சுருங்கியதும் கார்பன் டை ஆக்சைடு உயர்ந்ததும் இதயமும் நுரையீரலும் தேறியதைக் காட்டுகின்றன. ஆனால் அதே காலத்தில் டிகாக்ரெலாரும் நின்றிருக்கிறது, அதன் பங்கை ஒதுக்கிவிட முடியாது. மிஞ்சிய 14 நிகழ்வுகளில் ஐந்து அடைப்பு வகை, அவை ஏறக்குறைய எல்லாமே மல்லாந்து படுத்தபோது வந்தவை. மைய வகை விலகியபின் அதற்கடியில் இருந்த அடைப்பு வகை தெரியத் தொடங்குவது இத்தகையோரிடம் அரிதன்று. அதற்காக இப்போது கருவி எதுவும் தரவில்லை. ஒருக்களித்துப் படுப்பதைத் தொடரச் சொல்லி, ஆறு மாதம் கழித்து எக்கோவோடு சேர்த்து மீண்டும் ஓர் இரவுப் பரிசோதனைக்கு நாள் குறிக்கப்பட்டது. அதற்கு முன் எடை இரண்டு கிலோ கூடினாலோ, மூச்சு சத்தமின்றி வளர்ந்து தேயும் பழைய வடிவம் திரும்பினாலோ காத்திராமல் வந்துவிடும்படி மனைவியிடம் எழுதிக் கொடுக்கப்பட்டது.